மிளகுக் கடை விளம்பரத்துக்கு ஓர் உரை

கொச்சி மட்டாஞ்சேரியில் வசிக்கும் என் தோழி ஒருவர் தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிறார். பழைய துறைமுகத் தெருக்களின் கதைகளை, பெரும்பாலும் ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்வார். அதை எடிட் செய்வது என் வேலை. ஜூ டவுன் பக்கத்து மிளகுக் கடை ஒன்று அவருடைய எபிசோடு ஒன்றுக்கு விளம்பரம் தர முன்வந்தது. இரண்டு நிபந்தனைகள்: தோழி தன் குரலில் தானே சொல்ல வேண்டும், ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கூடவே கடையிலிருந்து ஒரு வாசகமும் வந்தது. அந்த வாசகத்தைத் துண்டு துண்டாக எடுத்து, எதை வெட்டினோம், எதை மாற்றினோம், ஏன் என்று இங்கே சொல்கிறேன். கடையின் பெயரை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

முதலில் அளவு. ஆங்கிலத்தில் ஒரு நிமிட விளம்பரத்துக்கு ஏறக்குறைய 150 சொல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அது உதவாது. 'நம்ம' என்பதும் ஒரு சொல், 'வாடிக்கையாளர்களின்' என்பதும் ஒரு சொல். இரண்டாவதைச் சொல்லி முடிக்க மூன்று மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணினால் கணக்கு சரியாக வருகிறது. கட்டளைக் கலித்துறையில் புலவர்கள் எண்ணுவது போல, ஒற்றை நீக்கிவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். தோழியின் பழைய எபிசோடு ஒன்றில் அவர் இயல்பாகப் பேசிய இரண்டு நிமிடங்களை எடுத்து எண்ணினேன். இடைநிறுத்தங்களையும் சேர்த்தால் விநாடிக்கு ஐந்து எழுத்துக்குச் சற்று மேல் வந்தது. அப்படியானால் 55 விநாடிக்கு 280 எழுத்து. கடை அனுப்பியதில் 340-க்கு மேல் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக வாசித்தால் அதையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் அந்த வேகத்தில் அவர் எந்தக் கதையும் சொன்னதில்லை. கேட்பவருக்கு அந்த இடத்தில் வேறு யாரோ வந்து பேசுவதாகவே படும்.

அதே இரண்டு நிமிடங்களை எழுத்தில் இறக்கியும் வைத்துக்கொண்டேன். அவருடைய வாக்கியங்கள் ஐந்தாறு சொல்லில் முடிகின்றன. பெரும்பாலும் இடத்தைச் சொல்லித் தொடங்குகிறார். 'சிறந்த', 'தலைசிறந்த', 'பெருமை' என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை. பல ஆண்டு கொச்சி வாழ்க்கையில் ஒட்டிக்கொண்ட 'கேட்டோ' எப்போதாவது ஒரு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மூலத்தைத் திறந்தேன்.

மூலம்: *இந்த நிகழ்ச்சியை உங்களுக்குப் பெருமையுடன் வழங்குவோர், மட்டாஞ்சேரியின் பாரம்பரியமிக்க நறுமணப் பொருள் வணிகத்தில் மூன்று தலைமுறைகளாக வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்ற நிறுவனம் (கடைப் பெயர்).*

கடைப் பெயரை ஐந்து எழுத்தாக வைத்தால் இந்த வாக்கியம் 72 எழுத்து. தோழியின் வேகத்தில் 14 விநாடி. இந்த 14 விநாடியில் கேட்பவருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே ஒன்று, கடையின் பெயர். அதுவும் கடைசியில்தான் வருகிறது. பாட்காஸ்ட் கேட்கும் செயலிகள் பலவற்றில் 15 அல்லது 30 விநாடி முன்னே தாவும் பொத்தான் விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. பெயர் வருவதற்குள் விரல் அங்கே போய்விடும்.

'மூன்று தலைமுறைகளாக' என்பதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது உண்மை, கடைக்காரருக்கு அதில் நியாயமான பெருமையும் உண்டு. ஆனால் தோழி அந்தத் தலைமுறைகளைப் பார்த்தவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது அந்தக் கடை இருக்கும் தெருவும், பிறகு அங்கே வாங்கிய மிளகும். தனக்குத் தெரியாததை ஒருவர் சொல்லும்போது குரல் உடனே வாசிப்புக் குரலாகிவிடுகிறது. 'வழங்குகிறார்கள்' என்பதை 'வழங்குறாங்க' என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. விகுதியை மட்டும் பேச்சுத் தமிழாக்கினால் அது பேச்சுத் தமிழில் வாசிக்கப்பட்ட அறிக்கையாகத்தான் கேட்கும். அவர் சொல்லியிருக்கவே மாட்டார் என்று தோன்றும் விஷயம் முதலில் போக வேண்டும். அது போனாலே நேரமும் பாதி குறைந்துவிடுகிறது.

இன்னொன்றை இந்த இடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. இது விளம்பரம் என்று மூலம் எங்கும் சொல்லவில்லை. 'வழங்குவோர்' என்ற சொல்லுக்குள் அது மறைந்து நிற்கிறது. இந்திய விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-இல் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சர் விதிகள், ஒலி வடிவில் வரும் விளம்பரத்தில் அறிவிப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்ல வேண்டும் என்கின்றன. விதி இல்லாவிட்டாலும் நான் சேர்த்திருப்பேன். நாம் செய்யும் வேலையே விளம்பரத்தை அவருடைய சொந்தப் பேச்சு போல ஆக்குவதுதான். அந்த வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்குக் கதைக்கும் விளம்பரத்துக்கும் நடுவிலிருக்கும் கோடு கேட்பவருக்குத் தெரியாமல் போகும். அந்தக் கோட்டை நாம்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

திருத்தம்: *ஒரு நிமிஷம், இது விளம்பரம். நம்ம ஜூ டவுன்ல ஒரு மிளகுக் கடை, (கடைப் பெயர்), இந்த எபிசோடுக்குப் பணம் தந்திருக்காங்க.*

43 எழுத்து, எட்டு விநாடி. 'பணம் தந்திருக்காங்க' என்பதைக் கேட்டுக் கடைக்காரர் முதலில் தயங்கினார். 'ஆதரவு' என்று போடலாமே என்றார். தோழி தன் வாழ்க்கையில் அந்தப் பொருளில் 'ஆதரவு' என்று சொன்னதில்லை என்பதைச் சொன்னோம், ஒப்புக்கொண்டார்.

மூலம்: *உலகத் தரம் வாய்ந்த குறுமிளகு, ஏலக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, சுக்கு, மஞ்சள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்.*

அச்சில் இந்தப் பட்டியல் நன்றாக இருக்கும். கண் ஓடி, வேண்டியதில் நிற்கும். காது அப்படி நிற்க முடியாது. எட்டுப் பெயர் வரிசையாக வந்தால் எட்டையும் விட்டுவிடும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு ஒரு வரி தருவதே வழி. எந்தப் பொருள் என்பதில் விவாதமே இல்லை. இந்தியாவின் மிளகு வாயிதா வணிகச் சங்கம் 1957-இல் தொடங்கியது இதே மட்டாஞ்சேரியில்தான். அந்தத் தெருக்களைப் பற்றிப் பேசும் பாட்காஸ்டில் மிளகு தானாகவே பொருந்துகிறது.

மூலம்: *எங்கள் தலைசிறந்த தலச்சேரி மிளகு, கைகளால் தரம் பிரிக்கப்பட்டு, நவீன இயந்திரங்களால் சுத்தம் செய்யப்பட்டு, நறுமணம் குன்றாமல் பேக் செய்யப்படுகிறது.*

இந்த வாக்கியத்தில்தான் அதிக நேரம் செலவழித்தோம், செலவழித்தது வீண் போகவில்லை. பிரிக்கப்பட்டு, செய்யப்பட்டு, செய்யப்படுகிறது: மூன்று செயப்பாட்டு வினைகள், செய்கிறவர் யாரும் இல்லை. கையால் பிரித்த பிறகு இயந்திரம் என்ன செய்கிறது என்பதும் தெரியவில்லை. ஆனால் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. 'தலச்சேரி' என்பது மிளகு வியாபாரத்தில் இன்று ஊரைவிட அளவைத்தான் குறிக்கிறது. நன்கு முற்றிய பெரிய மணிகளைச் சல்லடையில் பிரித்தெடுக்கிறார்கள், 4.25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழாமல் நிற்பது 'எக்ஸ்ட்ரா போல்ட்'. தோழி கடைக்குப் போய்க் கேட்டபோது, கடையில் இருந்தவர் பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு சல்லடையை எடுத்துச் சலித்துக் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சியை ஒரு வாக்கியமாக்கினால் போதும், 'தலைசிறந்த' தேவைப்படாது.

மில்லிமீட்டர் கணக்கைச் சேர்க்கலாமா என்று யோசித்தோம். சேர்க்கவில்லை. 'நாலு புள்ளி ரெண்டு அஞ்சு மில்லிமீட்டர்' என்று காதில் விழுந்தால் கேட்பவர் அந்த எண்ணை மனத்தில் பிடிக்கப் பார்ப்பார். அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். பின்னால் தள்ளுபடிக்கு என்று ஓர் எண் வரப்போகிறது. ஒரு நிமிட விளம்பரத்தில் காது தாங்கும் எண்களை அதற்கே மிச்சம் வைக்க வேண்டும்.

திருத்தம்: *நான் அங்க வாங்கினது தலச்சேரி மிளகு. சல்லடையில போட்டுச் சலிக்கும்போது கீழ விழாம மேல நிக்கிற பெரிய மணி.*

மூலம்: *சளி, இருமல், மூட்டுவலி, சர்க்கரை நோய் ஆகியவற்றைக் குணப்படுத்தும் எங்கள் மிளகை நான் தினமும் பயன்படுத்துகிறேன். நீங்களும் பயன்படுத்திப் பாருங்கள்.*

முதல் பாதியைத் திருத்த முடியாது, நீக்கத்தான் வேண்டும். ஒரு பொருள் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மிளகு ரசம் தொண்டைக்கு இதம் என்று வீட்டில் பேசிக்கொள்வது வேறு, பணம் வாங்கிக்கொண்டு நோய் தீரும் என்பது வேறு.

இரண்டாவது பாதி இன்னும் நுட்பமானது. 'நான் தினமும் பயன்படுத்துகிறேன்' என்று எழுதியவர் கடைக்காரர். 'நான்' என்பது தோழி. வாசகம் வந்தபோது அவர் அந்தக் கடை மிளகை வாங்கியதே இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் சொல்வது அவருடைய உண்மையான, அண்மைக் கருத்தாக இருக்க வேண்டும் என்றும், போதிய தகவலோ அனுபவமோ அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அதனால் பதிவைத் தள்ளிவைத்தோம். கடை தந்த பொட்டலத்தை வாங்காமல் தன் காசில் ஒன்று வாங்கி, தோழி வீட்டில் சமைத்துப் பார்த்தார். பிறகு நான் கேட்டேன்: "என்ன வித்தியாசம் தெரிஞ்சுது?" அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன். இந்த விளம்பரத்தில் மிக நல்ல வரி அதுதான், எங்கள் இருவரில் யாரும் அதை 'எழுதவில்லை'.

திருத்தம்: *ரசத்துக்கு எப்பவும் பத்து மிளகு தட்டிப் போடுவேன். இதுல ஆறு போட்டேன், என் பையன் தண்ணி கேட்டான், கேட்டோ. ஏலக்காய், கிராம்பு, ஜாதிபத்திரியும் அங்க இருக்கு. அதெல்லாம் நான் இன்னும் வாங்கிப் பாக்கல.*

கடைசி வாக்கியம் வேண்டாம் என்று கடையிலிருந்து சொன்னார்கள். நான் விடாமல் நின்றேன். வாங்கிப் பார்க்காததை வாங்கிப் பார்க்கவில்லை என்று சொல்கிறவர், மிளகைப் பற்றிச் சொன்னதையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்ற எண்ணம் கேட்பவருக்கு வரும். அமெரிக்க வானொலியில் ஆர்தர் காட்ஃப்ரி என்றொருவர் இருந்தார். லிப்டன் கம்பெனியின் தேயிலைக்கும் சூப்புக்கும் விளம்பரம் சொன்னவர். எழுதிக் கொடுத்த தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, தனக்குத் தோன்றியதைத் தன் பேச்சில் சொல்வார். கோழி சூப்பில் கோழி எங்கே என்று தேடுவதாகவும் கேலி செய்திருக்கிறார். சரக்கு விற்றது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் ஒரு சிறு குறையை ஒப்புக்கொள்ளும் இடம் விளம்பரத்தில் இருக்கலாம்.

'கேட்டோ' ஒரு முறைதான் வருகிறது. முதல் வரைவில் மூன்று முறை வைத்திருந்தோம், அவருடைய அடையாளச் சொல்லாயிற்றே என்று. ஒலித்தபோது அவரைப் போல நடிக்கும் வேறொருவர் பேசுவதாகத் தோன்றியது. ஒருவருடைய வழக்கச் சொல்லை அவர் சொல்வதைவிட அதிகமாக அவர் வாயில் வைக்கக் கூடாது.

மூலம்: *500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இந்தியா முழுவதும் இலவச டெலிவரி. எங்கள் இணையதளத்தில் MILAGU10 என்ற கூப்பன் கோடைப் பயன்படுத்தினால் 10 சதவீதம் தள்ளுபடி. சலுகை இந்த மாத இறுதி வரை மட்டுமே. நிபந்தனைகளுக்கு உட்பட்டது.*

கடைக்குக் காசாக மாறும் பகுதி இது. இதில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. முதலாவது, கோடு. MILAGU10 என்பதைத் தாளில் பார்ப்பவருக்குச் சிக்கல் இல்லை. காதால் கேட்பவர் MILAGU என்றும் அடிப்பார், MILAKU என்றும் அடிப்பார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி என்று எதுவும் நம்மிடையே கிடையாது. தவறாக அடித்தவருக்குத் திரையில் 'கோடு செல்லாது' என்று வரும், அவர் போய்விடுவார். கடைக்காரர் விளம்பரத்தால் பயனில்லை என்று நினைப்பார், ஏனென்றால் எத்தனை பேர் அந்தக் கோடைப் போட்டு வாங்கினார்கள் என்பதைத்தான் அவர் எண்ணிப் பார்க்கிறார். கோடை PEPPER10 என்று மாற்றச் சொன்னோம். கடைக்காரர் மாற்ற மறுத்திருந்தால், இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் இணையதளத்தில் ஏற்கச் செய்யும்படி கேட்டிருப்போம்.

இரண்டாவது, 'இந்த மாத இறுதி'. பாட்காஸ்ட் வானொலி அல்ல. இன்று வெளியான எபிசோடை அடுத்த வருடம் ஒருவர் கேட்பார். அவருக்கு 'இந்த மாதம்' எது? விளம்பரம் எபிசோடுக்குள்ளேயே பதிந்துவிடும் என்றால் தேதியைச் சொல்ல வேண்டும். எபிசோடு ஓடும்போது தனியாகச் செருகி, பிறகு எடுத்துவிடும் வசதி இருந்தால் கவலையில்லை. எங்களிடம் அது இல்லை. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பது எந்த நிபந்தனையையும் சொல்லாத வாக்கியம். இங்கே இருந்த உண்மையான நிபந்தனைகள் ஐநூறு ரூபாயும் கடைசித் தேதியும்தான், இரண்டையும் சொல்லிவிட்டோம். அதனால் அதை நீக்கினோம்.

திருத்தம்: *ஐநூறு ரூபாய்க்கு மேல வாங்கினா, இந்தியாவுல எங்கயும் அனுப்புற செலவு அவங்களோடது. பணம் கட்டுற இடத்துல PEPPER10-னு போட்டா பத்து சதவீதம் குறையும். பெப்பர், அப்புறம் ஒண்ணு, சைபர். நடுவுல இடம் விட வேண்டாம். மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான்.*

மூலம்: *தரத்தின் மறுபெயர், நம்பிக்கையின் முகவரி, (கடைப் பெயர்)!*

கடைப் பலகையில் இருக்கட்டும். அந்த இடத்தில் பெயரை இரண்டாம் முறை சொல்ல வேண்டும் என்ற அவர்கள் தேவை மட்டும் நியாயமானது.

திருத்தம்: *கடையோட பேரு இன்னொரு தடவை: (கடைப் பெயர்), ஜூ டவுன், மட்டாஞ்சேரி. லிங்க் எபிசோடுக்குக் கீழ இருக்கு. விளம்பரம் முடிஞ்சுது. இனி கதைக்கு வருவோம்.*

எல்லாம் சேர்த்து 280 எழுத்தை ஒட்டி வந்தது. பதிவை எபிசோடு பேசிய அதே அமர்வில், அதே மைக்கில் வைத்துக்கொண்டோம். வேறொரு நாள் பேசினால் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறும், அறையின் சத்தம் மாறும், விளம்பரம் ஒட்டுப்போட்டதாகக் காட்டிக்கொடுத்துவிடும். தோழி தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். கோடும் தேதியும் மட்டும் ஒரு சீட்டில் கண் முன்னால் இருந்தன. அப்படிப் பேசும்போது நாலைந்து சொல் மாறும். மாறட்டும் என்று விட்டோம். மாறக் கூடாதவை தொடக்க, முடிவு அறிவிப்புகளும் எண்களும்தான்.

முதல் பதிவு 63 விநாடி வந்தது. நிமிடத்தைத் தாண்டிய மூன்று விநாடியைக் கத்தரியில் எடுக்க வேண்டும். மென்பொருளில் வேகத்தைக் கூட்டினால் எளிது என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டியது மிகக் குறைவாக இருந்தாலும், முன்னும் பின்னும் கதை ஓடும் வேகத்துக்கு நடுவில் அது தனியாகத் தெரிகிறது. மூச்சை எல்லாம் வெட்டுவது அதைவிட மோசம். மூச்சே விடாத குரலைக் கேட்டால் கேட்பவருக்கு நெஞ்சு அடைக்கும். வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள நீண்ட இடைவெளிகளைச் சற்றுக் குறைத்தேன், 'அப்புறம்' என்று தடுமாறி இரண்டு முறை வந்ததில் ஒன்றை எடுத்தேன். தமிழில் வெட்டுவதற்கு ஏற்ற இடம் இரட்டித்த வல்லினம். 'பத்து', 'தட்டி', 'ரசத்துக்கு' போன்ற சொற்களில் த்த, ட்ட, க்க என்று வரும்போது வாய் ஒரு கணம் முழுதாக மூடி, ஒலி நின்றுவிடுகிறது. ஒலி வரைபடத்தில் அந்த இடம் தட்டையான கோடாகத் தெரியும். அங்கே வெட்டி ஒட்டினால் காதுக்குத் தெரியாது. 'மிளகு' என்பதில் வரும் தனி ககரத்தில் ஒலி நிற்பதில்லை. அங்கே கத்தரி வைத்தால் சொடுக்குச் சத்தம் கேட்கும்.

ஒரு சொல்லை மட்டும் திரும்பப் பேச வைத்து ஒட்டப் பார்த்தேன், சரிவரவில்லை. தனிச் சொல்லாகச் சொல்லும்போது குரலின் ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது. முழு வாக்கியத்தையும், அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துப் பேசச் சொல்லி, பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடிவில் விளம்பரம் 54 விநாடி.

ஒப்புதலுக்கு அனுப்பும்போது கடைக்காரருக்கு எழுத்துத் தாளை முதலில் அனுப்பாதீர்கள். 'என் பையன் தண்ணி கேட்டான்' என்பதைத் தாளில் படிப்பவருக்கு அது விளம்பரமாகவே தோன்றாது, சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒலியை அனுப்புங்கள், கேட்ட பிறகு தாளைக் கொடுங்கள். எண்களும் சட்டமும் சரியா என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்ளட்டும்.